எண்பத்தொன்பதாவது கட்டம்

விடைத்தாள் திருத்தப் போவது எனக்குப் பிடிக்காத வேலை. பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பருவமும் போய்விடுவேன். போகாவிட்டால் துறைத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த வருடம் மதிப்பீட்டு முகாம் அடையாறில் ஒரு கல்லூரியில். மயிலாப்பூரிலிருந்து பேருந்தில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால் தப்பிக்க ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

பெரிய கூடம். நீள மேசைகள். ஆளுக்கு ஒரு கட்டு, கட்டுக்கு இருபத்தைந்து தாள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. தாளில் மாணவரின் பெயரும் இருக்காது, பதிவு எண்ணும் இருக்காது. முகப்பைக் கிழித்து எடுத்துவிட்டு வேறொரு எண்ணை ஒட்டியிருப்பார்கள். டம்மி நம்பர் என்போம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பல்கலைக்கழகத்தில் பூட்டிக் கிடக்கும். எந்த ஊர், எந்தக் கல்லூரி, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. கையெழுத்து மட்டும்தான் தெரியும்.

பாடம் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ். பன்னிரண்டு வருடமாக நான் நடத்தும் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. கேள்வித்தாளில் ஒரு கணக்கு. ஒரு கோப்பு 51,200 பைட். கணினியின் வட்டில், அதாவது டிஸ்க்கில், ஒரு கட்டம் 512 பைட். கட்டத்தைச் சுட்டும் முகவரி நான்கு பைட். இந்தக் கோப்பில் 45,000ஆவது பைட்டைப் படிக்க, கோப்பைக் கட்டங்களில் வைக்கும் மூன்று முறைகளிலும் வட்டை எத்தனை தடவை தொட வேண்டும்? கோப்பு மொத்தம் எத்தனை கட்டங்களைப் பிடிக்கும்?

இந்த மூன்று முறைகளையும் வகுப்பில் நான் கல்யாணப் பந்தியை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு குடும்பத்து ஆட்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் அது தொடர்ச்சியான ஒதுக்கீடு. பத்தாவது ஆள் யார் என்றால் முதல் ஆளிலிருந்து எண்ணி நேரே போய்விடலாம். ஆனால் பந்தியில் அங்கே இரண்டு இங்கே மூன்று என்று இலை காலியாகக் கிடக்கும், ஐந்து பேராக வருகிற குடும்பத்துக்கு இடம் இருக்காது. இரண்டாவது, இணைப்பு முறை. ஆட்கள் காலியான இடத்தில் எல்லாம் சிதறி உட்காரலாம். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்த ஆள் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். காலி இலை எதுவும் வீணாகாது, ஆனால் பத்தாவது ஆளைப் பிடிக்க ஒன்பது பேரைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது, குறியீட்டு முறை. ஒருவர் கையில் முழுப் பட்டியல் இருக்கும். அவரைப் பார்த்துவிட்டு நேரே போகலாம். ஆனால் பட்டியல் வைத்திருப்பவருக்கென்று ஓர் இலை போட வேண்டும், குடும்பத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும்.

கேள்வியைத் தயாரித்தவரே விடைக்குறிப்பும் கொடுத்திருந்தார். தொடர்ச்சி முறைக்கு ஒரு தடவை. இணைப்பு முறைக்கு எண்பத்தெட்டு. குறியீட்டு முறைக்கு இரண்டு, பட்டியல் கட்டத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. பிடிக்கும் கட்டங்கள் நூறு, நூறு, நூற்றொன்று. ஆகவே இடத்தை மிச்சம் பிடிக்க இணைப்பு முறை, வேகத்துக்குக் குறியீட்டு முறை என்று ஒரு முடிவுரை. 45,000ஐ 512ஆல் வகுத்தால் எண்பத்தேழு சொச்சம், அதாவது எண்பத்தெட்டாவது கட்டம். சரிதானே என்று நான் தலையாட்டிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

காலைக் கட்டில் பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ தாள். இடது பக்கம் சாய்ந்த, பொடிப் பொடியான கையெழுத்து. மற்ற கேள்விகளில் அங்கங்கே தட்டுத் தடுமாறியிருந்தது. இந்தக் கணக்கில் இணைப்பு முறைக்கு, 45000/508 = 88.58, விடை 89 என்று எழுதியிருந்தது. கட்டங்களுக்கு 101. விளக்கம் எதுவும் இல்லை. 512ஐ 508 என்று பார்த்து எழுதக்கூடத் தெரியவில்லையே என்று எரிச்சல் வந்தது. 101ஐக் குறியீட்டு முறையின் விடையிலிருந்து அப்படியே தூக்கி இங்கேயும் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். 89க்கு இரண்டு மதிப்பெண், 101க்கு இரண்டு மதிப்பெண், நான்கையும் அடித்தேன். கூட்டிப் பார்த்தால் நாற்பத்திரண்டு. தேர்ச்சிக்கு நாற்பத்தைந்து. பாவம், மூன்றில் போய்விட்டதே என்று ஒரு நொடி தோன்றியது. அவ்வளவுதான். அடுத்த தாளை எடுத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் கட்டை ஒப்படைத்தேன். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். அதை உறையில் வைத்து என் கண்முன்னேயே ஒட்டினார்கள்.

மதியக் கட்டில் மூன்றாவது தாளிலேயே மறுபடியும் 508. சனியன், இதென்ன ஒரே தப்பை ஊர் முழுக்கச் செய்கிறார்கள் என்று பேனாவைத் தூக்கிவிட்டேன். நல்லவேளை, இந்தத் தாளில் கீழே ஒரு வரி இருந்தது. அடுத்த கட்டத்தின் முகவரியும் இதே கட்டத்துக்குள்தான் இருக்கிறது, அதற்கு நான்கு பைட் போனால் தரவுக்கு மிஞ்சுவது 508தான் என்று.

பேனாவைக் கீழே வைத்தேன். தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். எண்பத்தெட்டு கட்டங்களில் 508 வீதம் போனால் 44,704 பைட்தான் அடங்கும். 45,000ஆவது பைட் அதற்குள் இல்லை. அது எண்பத்தொன்பதாவது கட்டத்தில் இருக்கிறது. கோப்பு முழுவதற்கும் நூறு கட்டம் போதாது, நூறு கட்டத்தில் 50,800தான் கொள்ளும். நூற்றொன்று வேண்டும். குறியீட்டு முறைக்கும் தரவுக்கு நூறு, பட்டியலுக்கு ஒன்று, ஆக அதே நூற்றொன்று. இந்தக் கோப்பைப் பொறுத்தவரை இணைப்பு முறை ஒரு கட்டத்தைக்கூட மிச்சம் பிடிக்கவில்லை. இடம் இரண்டிலும் ஒரே அளவுதான் வீணாகிறது, வேகம் மட்டும் ஒன்றில் எண்பத்தொன்பது, இன்னொன்றில் இரண்டு. அதைத்தான் அந்தப் பொடி எழுத்துக்காரர் காலையில் எழுதியிருந்தார், நான் அடித்தேன்.

நாற்பத்திரண்டும் நான்கும் நாற்பத்தாறு. தேர்ச்சி.

பன்னிரண்டு வருடமாக அந்த முகவரி கட்டத்துக்குள்தான் இருக்கிறது என்று நானே பலகையில் பெட்டி பெட்டியாகப் படம் போட்டு, மூலையில் அம்புக்குறி வரைந்து காட்டியிருக்கிறேன். கணக்கு என்று வந்தால் மட்டும் 512ஆல் வகுத்திருக்கிறேன். ஒரு பிள்ளைகூட எழுந்து கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதில்லை என்பதுதான் நிஜம்.

முதன்மைத் தேர்வாளர் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஆமா. இவங்க எழுதினதுதான் சரி" என்றார்.

"அப்போ ஆன்சர் கீ தப்பு சார்."

"தப்புன்னு சொல்ல வேண்டாம். ரெண்டையும் எடுத்துக்கிடுவோம். மதியத்துலேருந்து எண்பத்தொன்பது போட்டவங்களுக்கும் மார்க் குடுங்க. நான் எல்லார்ட்டயும் சொல்லிடுதேன்."

"ரெண்டும் எப்படி சார் சரியாகும்? கணக்கு ஒண்ணு, விடை ரெண்டா?"

எனக்குக் குரல் ஏறிவிட்டது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"சரிம்மா. எண்பத்தெட்டு தப்பு. அப்போ காலையில எண்பத்தெட்டுன்னு எழுதினவங்க எத்தனை பேருக்கு மார்க் போட்டீங்க?"

"ஒரு பதினஞ்சு பேர் இருக்கும்."

"அதுல நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறுன்னு தப்பிச்சவங்க?"

யோசித்தேன். மூன்று நான்கு பேராவது இருந்தார்கள்.

"அவங்க வகுப்புல சொல்லிக்கொடுத்தத எழுதியிருக்காங்க. அவங்கள இறக்கணுமா? சொல்லுங்க."

சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்திதானே. காலைக் கட்டில் ஒரு தாள் நாற்பத்திரண்டில் நிற்கிறது, அதை மட்டுமாவது எடுத்துத் திருத்தித் தரலாமா என்று கேட்டேன்.

"உறை ஒட்டியாச்சு. வண்டியும் போயாச்சு. நீங்க எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்புதேன். ஆனா உங்க பேரு, உங்க கல்லூரி பேரு, எல்லாம் அதுல வரும். உங்க பிரின்சிபாலுக்கு மெமோ போகும். யோசிச்சுக்கிடுங்க. இல்லன்னா அந்தப் பிள்ளையே ரீவேல்யுவேஷன் போட்டா வேற ஆள் திருத்துவாங்க, மார்க் வந்துரும்."

"போடணும்னு அந்தப் பிள்ளைக்கு எப்படி சார் தெரியும்?"

"எப்படித் தெரியும்" என்றார் அவரும். கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

கடிதத்தை எழுதினேன். எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனக்குறைவால் என்று ஒரு சொல் எழுதியிருந்தேன். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி தனியார் கல்லூரி. அந்த மாதம்தான் இரண்டு பேரை ஆள் அதிகம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது ஆளை அனுப்பக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நானே என் கையால் எழுதிக் கொடுப்பதா? நல்ல தாளில் எழுதிக்கொண்டு வருகிறேன் சார் என்று சொல்லி, மடித்துக் கைப்பையில் போட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. மறுநாளும் போனேன், மறுநாளுக்கு மறுநாளும் போனேன். கடிதம் பையில்தான் இருந்தது. என்னைப்போல ஒரு கோழை இருக்க முடியாது.

முகாம் முடிந்து, தேர்வு முடிவுகள் வந்தன. எங்கள் கல்லூரியில் இந்தப் பாடத்தில் ஆறேழு பேர் தவறியிருந்தார்கள். அவர்களில் வேறு எதிலும் தவறாதவள் ஒருத்தி, இறுதி ஆண்டுப் பெண், பழைய பாக்கியாக இதை மூன்றாவது தடவை எழுதியவள். தேனாம்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். சேரும் நாளுக்குள் பாக்கி இல்லாமல் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். அம்மா தி. நகரில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்து வைக்கும் வேலை செய்பவர். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள், அங்கிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வருவதாகச் சொன்னார்.

"எவ்ளோ வந்திருக்கு?" என்று கேட்டேன்.

"நாப்பத்திரெண்டு மேடம்" என்றாள் அந்தப் பெண்.

நாற்பத்திரண்டு. ஒரு பாடத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், நாற்பத்திரண்டு எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று கணக்கு வாத்தியார் புத்தி கொஞ்சமாவது வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இவள்தான், கடவுளே என் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரீவேல்யுவேஷன் போடு. இன்னிக்கே போடு."

"மேடம், ஃபைனல் இயர் பசங்களுக்குத் தனியா ஒரு எக்ஸாம் வெக்கிறாங்க. அடுத்த மாசமே. அதுக்குப் போடலாம்னு பாத்தேன். திரும்பப் படிச்சு எழுதிடுவேன்."

"அது எதுக்கு? படிப்பையும் கெடுத்துக்கிட்டு, பயந்துகிட்டு. ரீவேல்யுவேஷன்லயே வந்துடும்."

அவளுடைய அம்மா என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துடுமா மேடம்? கண்டிப்பா சொல்றீங்களா? எங்களுக்கு இதெல்லாம் இன்னா தெரியும். நீங்க சொன்னா செரி. வேலக்கி இவ போவணும் மேடம், எங்க ஊட்ல இவ ஒர்த்திதான் படிச்சது."

"கண்டிப்பா வரும்மா. என்னை நம்புங்க."

என் வாயை யார் தைப்பது? காரணத்தைச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. சொன்னால் நான்தான் அடித்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துபோனது. அவள் விண்ணப்பிக்கவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு தப்பைச் சரி செய்துவிட்டேன், மெமோவும் வரவில்லை, இரண்டும் நடந்துவிட்டது என்று அந்த வாரம் கோயிலுக்குக்கூடப் போய்விட்டு வந்தேன்.

மறுமதிப்பீட்டு முடிவு வந்தது. மாற்றம் இல்லை. நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகவே இருந்தது. மறுபடி திருத்தியவரும் பழைய கீயை வைத்துக்கொண்டு திருத்தியிருப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் கல்லூரிக்கு வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. வேலையில் சேரும் நாளும் போய்விட்டது என்று அவள் தோழி சொன்னாள்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை தி. நகர் போயிருந்தேன். அவள் அம்மா வேலை செய்யும் கடை அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். ஏறிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் திரும்பவும் மனமில்லை. ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போனால், பில் போடும் இடத்தில் அந்தப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள், கடையின் ஊதாப் புடவையில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மேடம், நல்லாக்கீறீங்களா?" என்றாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததை அங்கேயே கொட்டிவிட்டேன். அடையாறு முகாமில் நான்தான் அந்தத் தாளைத் திருத்தினேன், நீ எழுதியதுதான் சரி, கீ தப்பு, கடிதம் எழுதி வைத்தும் கொடுக்கவில்லை, எல்லாம் என் தப்பு என்றேன். அவள் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம் சொல்றீங்க? எத நா எழுதினேன்?"

"அந்தக் கணக்கு. நாற்பத்தஞ்சாயிரமாவது பைட்டு. நீ 508ஆல வகுத்து எண்பத்தொன்பதுன்னு போட்டியே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் அ, ஆ என்று இரண்டு கொடுத்து, ஒன்றை எழுதச் சொல்வார்கள். இது தெரியாத ஆசிரியர் உலகத்தில் இல்லை.

"அத நா தொடவே இல்ல மேடம். எனக்கு அந்தக் கணக்கு வராது. 'ஆ'தான் எழுதினேன், டிஸ்க் ஷெட்யூலிங்."

எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி, விலைச் சீட்டைக் கருவியில் காட்டினாள்.

"நீங்க அவ்ளோ கண்டிப்பா சொன்னீங்களே மேடம், நா வேற ஏதோ கரெக்டா எழுதியிருக்கேன் போலன்னு நெனச்சுக்கினேன்" என்றாள்.